திருப்பிப் பார்த்த முகம்

ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயர் ரசமட்டம். சுவர் கட்டும்போது மேலே வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று கொத்தனார் பார்ப்பாரே, அந்தக் கருவியின் பெயர். அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர் முதலாளி. காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்துதான் அவள் நாற்காலியில் உட்காருவாள். முதலாளி வேண்டுமென்றே காலையில் வந்ததும் அதைச் சாய்த்துவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

அவள் வேலை முகம் திருத்துவது. கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் படம், குடும்பப் படம், எது வந்தாலும் அச்சுக்குப் போகும் முன் அவள் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் போகவேண்டும். பருவைத் துடைப்பாள், கண்ணுக்குக் கீழே கருவளையத்தைக் குறைப்பாள், ஏறி நிற்கும் தோளை இறக்குவாள். பிறகு படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பாள். அதுதான் அவளுடைய பரீட்சை.

ஒரே முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதனோடு ராசியாகிவிடும். கோணல் கோணலாகத் தெரியாது. கண்ணாடியில் தெரிவது போலப் படத்தைத் திருப்பிவிட்டால், இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போய்விடும், பழகிப்போன கண் ஏமாந்து விழித்துக்கொள்ளும். இவ்வளவு நேரம் நேராகத் தெரிந்த தாடை அப்போதுதான் சாய்ந்திருப்பது தெரியும். தப்பைப் பார்த்துவைத்துக்கொண்டு, திருத்திவிட்டு, மறுபடி திருப்புவாள். இரண்டு பக்கமாகப் பார்த்தாலும் உறுத்தாத முகம்தான் அவள் கையைவிட்டுப் போகும்.

உறுத்தாத முகம் என்றால் இரண்டு பாதியும் அச்சாக ஒன்று போல இருக்கும் முகம் இல்லை. இதை அவள் பட்டுத் தெரிந்துகொண்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாப்பிள்ளை வந்து, தன் முகம் ஒரு பக்கம் பெரிசாக இருக்கிறது, சமமாக ஆக்கித் தரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். இவளும் நல்ல பாதியை வெட்டி, திருப்பி, மறுபாதியின் மேல் ஒட்டிக் கொடுத்தாள். நெற்றி நடுவில் கோடு கிழித்தது போல இரண்டு பக்கமும் ஒன்று. படத்தை வாங்கிப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, "இது யாருங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பக்க வகிடு எடுத்த தலை, இரண்டு பக்கமும் வகிடு எடுத்துக்கொண்டு நின்றது. வெளிச்சம் வந்தது ஒரு பக்கமிருந்து, ஆனால் மூக்கின் இரண்டு பக்கமும் ஒரே நிழல். கன்னத்து மச்சம் இரட்டையாகிவிட்டது. இதெல்லாம் போகட்டும், கண்ணே வேறு கண். மனிதன் சிரிக்கும்போது ஒரு ஓரம் முந்திக்கொள்ளும், மறு ஓரம் பின்னால் வரும். ஒரு புருவம் கொஞ்சம் கேள்வி கேட்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் வீட்டுக்காரர்கள் ஒருவரை இன்னார் என்று அடையாளம் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் கடையில் துணி மாட்டிய பொம்மை மிஞ்சும். அன்றிலிருந்து ரசமட்டம் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். கோணலில் கண்ணை உறுத்துகிற அளவை மட்டும் எடுப்பாள். மீதியை விட்டுவைப்பாள். அவள் கை பட்ட படத்தில் கை பட்ட தடமே இருக்காது. முதலாளி இதைச் சொல்லிச் சொல்லி வாடிக்கையாளர் பிடிப்பார். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அவளுக்கு ஒரு அக்கா. பெற்றவர்கள் போன பிறகு அவளுக்கு உலகத்தில் சொந்தம் என்று இருந்தது அக்காவும், மாமாவும், அவர்கள் பெண் பாப்பாவும்தான். அக்கா பஸ் நிலையத்தில் டிக்கெட் முன்பதிவு செய்யும் கவுன்ட்டரில் உட்காருவாள். வாய் ஓயாது. தெருவில் தங்கை எவ்வளவு தூரத்தில் போனாலும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். உதட்டைக் குவித்து ஒரு விசில் அடிப்பாள், கூர்மையாக, இரண்டு துண்டாக. நடுத்தெருவில் பொம்பளை விசிலடிக்கிறாளே என்று போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தங்கைக்கு மானம் போகும். ஆனாலும் நிற்பாள்.

பாப்பாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மூன்று பேரும் ஸ்டுடியோவுக்கு வந்துவிடுவார்கள். அதே நீலத் திரை, அதே விளக்கு, அதே நிற்கிற இடம். முதலாளி எடுப்பார், ரசமட்டம் திருத்துவாள். சொந்த அக்கா முகம் என்பதால் கூடுதல் கவனம்.

முதல் வருடம் ஒன்றுமில்லை. அதற்கடுத்த வருடம் படத்தைத் திருப்பிப் பார்த்தபோது அக்காவின் வலது உதட்டோரம் இடதைவிட லேசாக இறங்கியிருப்பது தெரிந்தது. சிரிப்பு சரியாக வரவில்லை போல என்று நினைத்து, கொஞ்சம் தூக்கிவிட்டாள். தூரிகையால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். அடுத்த வருடம் அந்த ஓரம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு வலப்பக்கம் ஆழமில்லாமல் மழுங்கியிருந்தது. மடிப்பை அழுத்தினாள், ஓரத்தைத் தூக்கினாள்.

"என்னக்கா, ஒரு பக்கமா சிரிக்கிற?"

"வயசாகுதுடி. ஒரு பக்கமாத்தான் மெல்லுறேன். இந்தப் பக்கம் கடவாப்பல்லு சொத்தை. அதான் இழுக்குது போல."

"பல்லு டாக்டர்கிட்ட போயேன்."

"போலாம், போலாம். நீதான் இருக்கியே, நேராக்கிடு."

அதற்கும் அடுத்த வருடம் வலது கண் சற்று அகலமாகத் திறந்திருந்தது. அதையும் குறுக்கினாள். வேலை கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. முதலாளி விளக்கைச் சரியாக வைக்கவில்லை என்று அவரிடம் சண்டை பிடித்தாள். முடித்ததும் திருப்பிப் பார்த்தாள். உறுத்தவில்லை. அந்த வருடம்தான் அக்கா தெருவில் விசிலடித்தபோது சத்தம் வராமல் காற்று மட்டும் வந்தது. இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே சிரித்தார்கள். சொத்தைப் பல் வழியாகக் காற்று போகிறது என்று அக்கா சொன்னாள். பிறகு அவள் விசிலடிப்பதை விட்டுவிட்டாள், தங்கை அதைக் கவனிக்கவும் இல்லை.

எடுத்தபடியே இருந்த படங்களை யார் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். திருத்திய படம்தான் மாமா வீட்டுச் சுவருக்குப் போனது. திருத்திய படம்தான் எல்லோர் போனிலும் இருந்தது.

ஒரு நாள் காலையில் அக்கா குடித்த காபி வாயோரமாக ஒழுகி நைட்டியை நனைத்தது. முகம் கழுவும்போது வலது கண் முழுசாக மூடவில்லை, சோப்பு எரிந்தது. மாமா பதறிப்போய் தங்கைக்குப் போன் செய்தார். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் நிதானமானவர். அவசரப்படாமல் பார்த்தார். புருவத்தைத் தூக்கச் சொன்னார், கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார். வலப்பக்கம் எதற்கும் மசியவில்லை. காதுக்கு முன்னாலும் கீழேயும் விரலால் அழுத்தித் தடவிப் பார்த்தார். கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை.

"எப்பலேர்ந்து இப்படி?"

"இன்னைக்குக் காலையிலதான் சார்," என்றாள் அக்கா. பொய் சொல்லவில்லை. அவளுக்கு அன்று காலையில்தான் தெரிந்தது.

"அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா ஆச்சா, இல்ல திடீர்னா? இது ரொம்ப முக்கியம். திடீர்னு வந்தா அனேகமா நரம்பு வீக்கம், சரியாயிடும். மெதுவா வந்திருந்தா வேற யோசிக்கணும். பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

போட்டோ என்றதும் ரசமட்டத்துக்கு ஒரு தெம்பு வந்தது. இந்த அறையில் தன்னால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. போனை எடுத்துப் பிறந்தநாள் படங்களை வரிசையாகக் காட்டினாள். டாக்டர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். வாயோரம், மடிப்பு, கண் என்று அவரும் அவள் பார்க்கும் இடங்களைத்தான் பார்த்தார்.

"ஃபில்டர் கில்டர் போட்டதா இது?"

அவளுக்குச் சுருக்கென்றது. போனில் பொத்தானைத் தட்டி முகத்தை மாவு பூசின மாதிரி ஆக்கிக்கொள்கிற கூட்டத்தோடு தன்னைச் சேர்த்துவிட்டாரே.

"ஃபில்டரெல்லாம் நான் போடவே மாட்டேன் சார். ஸ்டுடியோ கேமராவுல எடுத்தது."

இதுவும் பொய்யில்லை. அவள் மனசில் திருத்துவது என்பது மாற்றுவது இல்லை. சாய்ந்த காலண்டரை நேராக்குவது மாதிரி, இருக்கவேண்டியதை இருக்கவேண்டிய இடத்தில் வைப்பது.

டாக்டர் தலையாட்டினார். "சரியாத்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் எல்லாருக்கும் இருக்கற சாதாரண வித்தியாசம்தான். அப்ப இது புதுசா வந்ததுதான்." ஒரே ஒரு படத்திலாவது முகம் அச்சடித்த மாதிரி சமமாக இருந்திருந்தால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ரசமட்டம் அப்படி வேலை செய்பவள் இல்லையே. நம்பும்படி கொஞ்சம் கோணலை விட்டுவைத்திருந்தாள்.

மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை மூடி ஒட்ட பிளாஸ்திரி. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் திரும்பிவிடும், சிலருக்கு மாதங்கள் ஆகும், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்கள். வழியில் மாமா எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அக்காவின் ஐஸ்கிரீம் வாயோரம் வழிந்தது. பாப்பா கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "அம்மா பாப்பாவாயிட்டா," என்றது.

பொறுமையாக இருந்தார்கள். மழை வந்து போனது. முகம் திரும்பவில்லை. கவுன்ட்டரில் வரிசையில் நிற்பவர்கள் முறைத்துப் பார்க்கிறார்கள் என்று அக்கா துணியால் வாயை மறைத்துக்கொண்டு போனாள். பிறகு காதுக்குள் வலி தொடங்கியது. மறுபடி போனபோது டாக்டர் முகம் மாறிவிட்டது. உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

கட்டி இருந்தது. கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியின் உள்மடிப்பில், விரலுக்கு எட்டாத ஆழத்தில் முளைத்து, முகத்துக்குப் போகிற நரம்பைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே மண்டையோடு வரை ஏறியிருந்தது. நுரையீரலிலும் சின்னச் சின்னதாகத் தெரிந்தது. மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தாள். அறையில் டாக்டரும் ரசமட்டமும்தான் இருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணுதான்மா புரியல," என்றார் டாக்டர், ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே. "இந்த வகை மெதுவா வளர்றது. வருஷக்கணக்கா நரம்பை அரிச்சிருக்கணும். முகம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கணும். அந்தப் படங்கள்ல ஒண்ணுமே தெரியலையே."

"தெரிஞ்சிருந்தா சார்?"

"முதல்ல லேசா இறங்கினப்பவே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம். முகம் போயிருக்கும், உயிர் தப்பியிருக்க வாய்ப்பு இருந்தது." பிறகு அவரே, "விடுங்க. வீட்ல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியாது," என்றார்.

ரசமட்டம் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவள் நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள். முதலாளிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. பழைய கேமரா பெல்ட், உடைந்த குடை, எல்லாம் அலமாரியில் இருக்கும். எடுத்த படங்களை எடுத்தபடியே வைத்திருந்த டிஸ்க்குகளும் அங்கே இருந்தன. பிறந்தநாள் படங்களைத் தேடி எடுத்து, அக்காவின் முகத்தை மட்டும் வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பார்த்தாள். அக்கா அக்காவாகத்தான் இருந்தாள். பழகின கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். அப்போது இடவலமாகத் திருப்பினாள்.

வருடம் வருடமாக அந்த முகம் ஒரு பக்கம் வழிந்து இறங்கியது. மறைவே இல்லை. வாயோரம், மடிப்பு, கண். உலகத்தில் இதைப் பார்க்கத் தெரிந்த கண் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் பார்த்தது. மாமா பார்க்கவில்லை, தினம் பார்த்துப் பழகியவர். அக்கா பார்க்கவில்லை, தினம் கண்ணாடியில் பார்த்துப் பழகியவள். இவள்தான் வருடம் தவறாமல் திருப்பிப் பார்த்தாள், கண்டுபிடித்தாள், மூடினாள். முதலாளி வந்து பின்னால் நின்றார். படங்களைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சாய்ந்திருந்த காலண்டரை அவரே நேராக்கிவிட்டு வெளியே போய்விட்டார்.

சிகிச்சை நடந்தது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். வலியைக் குறைக்கத்தான், வேறெதற்கும் இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பாப்பாவின் பிறந்தநாள் வந்தபோது அக்காவால் ஸ்டுடியோவுக்கு வரமுடியவில்லை. முதலாளி விளக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து, கட்டிலில் உட்காரவைத்து எடுத்தார். கிளம்பும்போது அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள். வலப்பக்கம் அசையாததால் பேச்சு கொழகொழவென்று வரும்.

"வழக்கம் போல பண்ணிக் குடுடி. பாப்பா நாளைக்குப் பார்க்க ஒண்ணு வேணும்ல. கோணவாயோட வேணாம்."

ரசமட்டம் அந்தப் படத்தோடு உட்கார்ந்தாள். தள்ளி, தூக்கி, குறுக்கிப் பார்த்தாள். ஆகவில்லை. இறங்கியது கொஞ்சமாக இருந்தால் சரிசெய்யலாம், பாதி முகமே இல்லாமல் போனால் எதை வைத்துச் சரிசெய்வது. கடைசியில் அந்த மாப்பிள்ளைக்குச் செய்ததைச் செய்தாள். அசைகிற இடப்பாதியை வெட்டித் திருப்பி ஒட்டினாள். திரையில் ஒருத்தி இரண்டு பக்கமும் அளந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். அக்கா இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பாப்பாவை நினைத்துப் பார்த்தாள். வளர்ந்த பிறகு இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது யாரு சித்தி என்று கேட்கும்.

அந்தப் படத்தை அழித்தாள். லேப்டாப்பில் டிஸ்க்கிலிருந்து எடுத்த முகங்களை ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். சொல்லாமலே இருந்துவிடலாம் என்று வழியெல்லாம் தோன்றியது. யாரும் கேட்கப் போவதில்லை. டாக்டர் மறந்திருப்பார். ஆனால் அந்த வீட்டுச் சுவரில் நேராக்கிய அக்கா தொங்குகிறாள், கட்டிலில் அக்கா படுத்திருக்கிறாள், இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து கஞ்சி ஊட்ட அவளால் முடியவில்லை.

மாமா பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தார். ஜன்னல் வழியாக மதிய வெயில் விழுந்தது. அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"படம் ஆச்சா?"

"ஆகலக்கா. வேற ஒண்ணு கொண்டாந்திருக்கேன். பாரு."

மடியில் லேப்டாப்பை வைத்தாள். திருப்பாமல், எடுத்தபடியே வைத்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பழகின அக்காவுக்கு அதுதான் திருப்பிய முகம். அக்கா முதல் படத்தைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள். இடதுகை விரலை உதட்டோரத்தில் வைத்து, திரையிலும் அதே இடத்தைத் தொட்டாள்.

"இது என்னைக்கு எடுத்தது?"

"பாப்பா ஸ்கூல்ல சேர்ந்த வருஷம்."

"அப்பவேவா?"

"அப்பவேதான்."

அக்கா சுவரில் தொங்கிய படத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அதே வருடம், அதே உடை. அதில் வாய் நேராக இருந்தது. திரும்பத் திரையைப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள். கவுன்ட்டரில் சில்லறை எண்ணிச் சரிபார்க்கும் பெண்ணல்லவா.

"டாக்டருக்கு நீ எதைக் காட்டுன?"

"சுவத்துல இருக்கறதை."

"இதை நீ பார்த்திருக்க. அப்பவே."

"பார்த்தேன்க்கா."

"பார்த்துட்டு என்ன பண்ண?"

ரசமட்டத்தின் கை மடியில் கிடந்தது. வருடக்கணக்காக அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"சரி பண்ணிட்டேன்," என்றாள். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. நல்லா இருக்கணும்னுதான்."

அக்கா லேப்டாப்பை மெதுவாகத் தள்ளி வைத்தாள். தலையணையைக் கீழே இழுத்துக்கொண்டு, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். யாராவது பக்கத்தில் இருந்தால் அசைகிற பாதியைத்தான் அவர்கள் பக்கம் காட்டுவாள், இந்த மாதங்களில் அது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. இப்போது அந்தப் பாதி தலையணையில் புதைந்துவிட்டது. மேலே இருந்தது வலப்பக்கம்.

"அக்கா."

தங்கை குனிந்து பார்த்தாள். ஒரு முகத்தைப் படிக்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயோரம், மடிப்பு, புருவம் என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். கோபமா, வெறுப்பா, போகட்டும் என்று விட்டுவிட்டாளா. அந்தப் பக்கம் எதையும் காட்டாது. மூடாத அந்தக் கண் பாதி திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டாளா, விழித்திருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. கண் வறண்டுவிடக் கூடாதென்று சொட்டு மருந்தை எடுத்து, இமையை விரலால் விரித்து ஒரு சொட்டு விட்டாள். அது வழிந்து கன்னத்தில் இறங்கியது. அவள் அதைத் துடைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.